யோபுவின் ‘மீட்பர்’ யார்?

“‘என் மீட்பர் உயிரோடிருக்கிறார்’ என்ற யோபு 19:25-ஐ எங்கள் சபையில் அடக்க ஆராதனையில் வாசிப்போம். யூதர்கள் இதில் மேசியாவையோ உயிர்த்தெழுதலையோ பார்ப்பதில்லை என்கிறார் நண்பர். வேதபாடத்தில் இதை எப்படி விளக்குவது?”

யூதர்களுக்கு உயிர்த்தெழுதலில் நம்பிக்கை இல்லை, அதனால்தான் இப்படி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மரபு வழி யூதர்கள் தினசரி ஜெபத்திலேயே மரித்தோரை உயிர்ப்பிக்கும் தேவனைத் துதிக்கிறார்கள். அந்த நம்பிக்கையை இந்த வசனம் பேசுகிறதா என்பதில்தான் வேறுபாடு. யோபு உயிர்த்தெழுதலை மறுத்தவர் என்று யூத மரபு நூலான தல்மூதில் ராவா என்ற ரபி சொல்கிறார். பாதாளத்தில் இறங்குகிறவன் ஏறிவரான் என்னும் 7:9 அவருக்கு ஆதாரம்.

‘மீட்பர்’ என்பதற்கு எபிரெயத்தில் ‘கோயேல்’. நெருங்கிய உறவுக்காரர் செய்ய வேண்டிய கடமையைக் குறிக்கும் சொல் இது. உறவினன் வறுமையில் விற்ற நிலத்தை மீட்பது (லேவியராகமம் 25:25), கொலையுண்டவனுக்காகப் பழிவாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. ரூத்துக்குப் போவாஸ் செய்ததும் இதுதான். யோபுவைச் சொந்தபந்தமெல்லாம் கைவிட்டாயிற்று. நண்பர்களோ குற்றவாளி என்கிறார்கள். எனக்காக வழக்காட ஒருவர் இருக்கிறார் என்று அவர் சொல்வதாகப் பல யூத வாசகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் தேவனே. தேவனிடம் வழக்காட தேவனையே துணைக்கு அழைப்பதா என்று கேட்டால், யோபு புத்தகமே அப்படித்தான்!

கிறிஸ்தவ வாசிப்பை உறுதிப்படுத்தியதில் மொழிபெயர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. மூலத்தில் ‘அவர் கடைசியாக மண்மேல் நிற்பார்’ என்ற அளவில்தான் இருக்கிறது. ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்போ ‘கடைசி நாளில் நான் மண்ணிலிருந்து எழுந்திருப்பேன்’ என்கிறது. எழுவதே யோபுவாகிவிட்டது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் நிற்பவர் மீட்பரேதான், ஆனால் ‘கடைசிநாளில்’ என்று இருக்கிறது. ‘நாள்’ எபிரெயத்தில் இல்லை.

அடுத்த வசனம்தான் உண்மையான சிக்கல். ‘மிப்பெசாரி’ என்ற சொல்லை ‘என் மாம்சத்திலிருந்து’ என்றும் ‘மாம்சம் இல்லாமல்’ என்றும் படிக்கலாம். செத்தபின் புது உடலோடு தேவனைக் காண்பேன் என்பது கிறிஸ்தவ வழக்கு. 1985-இல் யூதர்கள் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில், உடலில் இருக்கும்போதே தேவனைக் காண விரும்புகிறார் யோபு. அதற்கு 42:5 துணை நிற்கிறது: “இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது.” அவர் அப்போது உயிரோடுதான் இருக்கிறார். என் பார்வையில், புத்தகத்துக்குள் நின்று பார்த்தால் இந்த வாசிப்பே வலுவானது. ஆதித் திருச்சபைப் பிதாவான கிறிஸ்டோஸ்டமும் யோபுவுக்கு உயிர்த்தெழுதல் தெரியாது என்றே எழுதினார். அதனால் அவர் கிறிஸ்தவர் அல்லாமல் போய்விடவில்லை.

அடக்க ஆராதனையில் தாராளமாக வாசியுங்கள். வேதபாடத்தில் மட்டும் 9:33, 16:19, 19:25, 42:5 என்ற வரிசையில் வாசிக்கச் சொல்லுங்கள். மத்தியஸ்தன் இல்லை என்று புலம்பியவர் பரலோகத்தில் ஒரு சாட்சி உண்டு என்கிறார், பிறகுதான் மீட்பரைச் சொல்கிறார். அதற்கப்புறம் 1 கொரிந்தியர் 15:20-ஐத் தனியாக எடுங்கள். உயிர்த்தெழுதலுக்கு அந்த வசனம் போதும்.