பீஸ் கணக்குச் சம்பளம்: நோட்டீஸில் என்ன எழுதுவது?

"திருகோணமலையில் 14 மெஷினோடு பாடசாலைச் சட்டை தைக்கிறோம். அடுத்த மாதம் பீஸ் கணக்குக்கு மாறப் போகிறோம். ரேட் எவ்வளவு, டேமேஜுக்கு எப்படிக் கழிப்பது, யார் எத்தனை தைத்தார் என்று எப்படி எண்ணுவது?"

முழுச் சட்டைக்கு ஒரே ரேட் போடாதீர்கள். கொலர் ஏற்றுவது, கை வைப்பது, பொத்தான் துளை போடுவது என்று வேலைக்கு வேலை தனி ரேட் வேண்டும். அது நிமிடக் கணக்கில் வருவது. ஒரு கொலர் ஏற்ற 1.2 நிமிடம் என்று வைப்போம். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச நாட்கூலி 1,200 ரூபா. 8 மணித்தியாலம், அதாவது 480 நிமிடத்தால் பிரித்தால் நிமிடத்துக்கு 2.50 ரூபா, அப்போது கொலருக்கு 3 ரூபா என்று எழுதிவிடத் தோன்றும். அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. நூல் அறும், ஊசி உடையும், பண்டல் வரத் தாமதமாகும். 480 நிமிடமும் யாரும் தைப்பதில்லை. முக்கால் பங்கு, 360 நிமிடம் மெஷின் ஓடினால் 300 கொலர் ஏறும். 1,200ஐ 300ஆல் பிரியுங்கள்: 4 ரூபா. இதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

எண்ணுவதற்கு சூப்பர்வைசரின் கொப்பி மட்டும் போதாது. சண்டை அதிலிருந்துதான் தொடங்கும். வெட்டும் மேசையிலேயே 20 சட்டைக்கு ஒரு பண்டல் கட்டி, இலக்கமிட்ட டிக்கட் ஒன்றை இணையுங்கள். டிக்கட்டில் ஒவ்வொரு வேலைக்கும் கிழித்தெடுக்கும் துண்டு இருக்க வேண்டும். தைத்து முடித்தவர் தன் துண்டைக் கிழித்துத் தன் அட்டையில் ஒட்டுவார். மாலையில் அட்டையை எண்ணி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இனி டேமேஜ். சட்டையின் விலையைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. தொழிலாளியின் சம்மதமில்லாமல் முதலாளி நினைத்தபடி கழிக்கச் சட்டம் இடம் தராது. செய்யக்கூடியது இதுதான்: பிழையான பீஸ் தைத்தவரிடமே திரும்பிப் போகும், திருத்தினால் எண்ணப்படும், திருத்தும் நேரத்துக்குத் தனிக் காசு இல்லை. வேறொருவர் திருத்தினால் அந்தப் பீஸின் காசு அவருக்கு. தையல் விட்டுப்போவது, கொலர் கோணுவது தைத்தவர் பொறுப்பு. துணியில் ஓட்டை, வெட்டுப் பிழை, மெஷினிலிருந்து சிந்திய எண்ணெய்க் கறை அவர் தலையில் வரக்கூடாது. இந்தப் பிரிவை நோட்டீஸில் பெயர் சொல்லி எழுதுங்கள். "தரக்குறைவு" என்று மட்டும் போட்டால் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும்.

ஒருவர் 300 கொலர் தைக்கிறார், 12 திரும்பி வருகிறது என்போம். 9ஐத் திருத்திவிட்டார், 3 திருத்த முடியாதவை. 297 பீஸுக்கு 1,188 ரூபா. நாட்கூலிக்கு 12 ரூபா குறைகிறது, அதை நீங்கள் சேர்த்து 1,200 கொடுக்க வேண்டும். இந்த வரி நோட்டீஸில் கட்டாயம் இருக்கட்டும்.

ஊழியர் சேமலாப நிதிக்கும் பீஸ் காசின் மீதே கணக்கு: அவரிடம் 8 வீதம், உங்களிடம் 12 வீதம்.

சட்டை மாதிரி மாறினால் வேலை தொடங்குமுன் புதிய ரேட்டை ஒட்டிவிடுங்கள். லைனில் சிங்களம் பேசுபவர்களும் இருந்தால் இரு மொழியிலும்.