அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்: ஒரு வாக்கியம், நான்கு பேர் கேள்வி

பாம்பனிலிருந்து ஒரு அப்பா: நாளை ராமநாதபுரத்தில் அச்சுக்குக் கொடுக்கணும், தம்பி. பெயர்களை மாற்றி அனுப்புகிறேன், பெண்ணுக்கு ஊர் மண்டபம். "எனது மகன் செல்வன் கண்ணனுக்கும், மண்டபம் காலஞ்சென்ற திரு. முத்து – திருமதி லட்சுமி அவர்களின் மகள் செல்வி வள்ளியும் திருமணம் நடைபெற இருப்பதால், தாங்கள் உங்கள் குடும்பத்துடன் வந்து வாழ்த்துமாறு அழைக்கிறோம்." சரியா?

முதலில் 'காலஞ்சென்ற' என்பதைச் சரிசெய்யுங்கள், அண்ணே. அது முத்துவோடு நிற்காமல் நடுக்கோட்டைத் தாண்டி லட்சுமி அம்மா மேலும் விழுகிறது. விவரம் தெரியாத வெளியூர்க்காரர் இருவருமே இல்லை என்று நினைத்துக்கொள்வார். மகள் கல்யாணத்தில் முன்னால் நின்று வரவேற்கப் போகிறவர் அந்த அம்மா. பெயர்களை இடம் மாற்றினால் போதும்: "மண்டபம் திருமதி லட்சுமி, காலஞ்சென்ற திரு. முத்து ஆகியோரின் மகள்". அப்பா பெயர்தான் முன்னால் வரணும் என்று அவர்கள் கேட்டால், "காலஞ்சென்ற திரு. முத்து அவர்களின் துணைவியார் திருமதி லட்சுமி அவர்களின் மகள்" என்று போடலாம். கொஞ்சம் இழுக்கும், ஆனால் பொருள் பிசகாது.

அப்புறம், நடுவில் ஊரும் பெற்றோர் பெயரும் வருவதால் ஒரு பிழை கண்ணில் படவில்லை. அந்தப் பகுதியை விரலால் மறைத்து வாசியுங்கள்: "கண்ணனுக்கும் வள்ளியும் திருமணம்". உடனே இடறும். 'வள்ளிக்கும்' என்று வரணும். இதே மாதிரி தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துப் பாருங்கள். 'எனது' என்று தொடங்கி 'அழைக்கிறோம்' என்று முடிகிறது. கீழே நீங்களும் அண்ணியும் பெயர் போடுவதால் 'எங்கள்' என்று தொடங்குங்கள். 'தாங்கள்' என்று அழைத்தபின் 'தங்கள் குடும்பத்துடன்' என்றுதான் வரும்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தங்கை: மாப்பிள்ளை பெயரோடும் 'அவர்கள்' சேர்த்தால்தானே அண்ணா மரியாதை?

பாதி சரிம்மா. சம்பந்தி வீட்டுப் பெரியவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். பெற்றவர்கள் தங்கள் பிள்ளையையே 'அவர்கள்' என்று எழுதுவதில்லை, 'செல்வன்' போதும். மாப்பிள்ளைக்குச் 'செல்வன்' போட்டால் பெண்ணுக்குச் 'செல்வி' விட்டுப்போகக் கூடாது.

கீழக்கரையிலிருந்து: இதைப் படித்ததும் எங்கள் கார்டை எடுத்துப் பார்த்தேன். மகன் பெயருக்குப் பின்னால் "பி.இ.,க்கும்" என்று இருக்கிறது. இது தப்பா பாய்?

கல்யாணம் பையனுக்கு, பட்டத்துக்கு இல்லையே பாய். 'க்கும்' பெயரோடுதான் ஒட்டணும். "பி.இ. பட்டதாரி" என்று பெயருக்கு முன்னால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் பெரிய எழுத்தில் மணமக்கள் பெயர் வரும் இடத்தில் மட்டும் பட்டத்தைப் போடுங்கள். என் தங்கை கல்யாண அழைப்பிதழில் பட்டத்தோடு வரி முடிந்து, அடுத்த வரியில் 'க்கும்' மட்டும் தனியாக நின்றது. 500 கார்டும் அடித்த பிறகுதான் பார்த்தோம்.

தொண்டியிலிருந்து டிடிபி செய்பவர்: நான் எப்போதும் 'திருவளர்ச்செல்வன்' என்றுதான் அடிக்கிறேன். ஒரு வாத்தியார் 'ச்' கூடாது என்கிறார்.

வாத்தியார் சொல்வது சரி. 'சுடுசோறு' என்கிறோம், 'சுடுச்சோறு' என்பதில்லை. அதே மாதிரிதான் 'திருவளர்செல்வன்'. 'திருநிறை'யில்தான் சிக்கல். 'நிறை'யை வினையாக எடுத்தால் 'ச்' வராது, நிறைவு என்ற பெயராக எடுப்பவர்கள் போடுகிறார்கள். நான் போடுவதில்லை. வீட்டார் ஒத்துக்கொள்ளாவிட்டால், வெறும் 'செல்வன்' போதுமா என்று கேட்டுப் பார்ப்பேன்.