முகம் மாறினால் சுவரில் மாட்டிய போட்டோவைப் பாருங்கள்

கேள்வி: தொடரின் நடுவில் முக்கிய கேரக்டரில் நடிப்பவரையே மாற்றிவிட்டால் கதைக்குள் அதை எப்படிச் சமாளிப்பார்கள்? சும்மா "இவருக்குப் பதில் இவர்" என்று போட்டுவிட்டு விட்டுவிடலாமா?

தாராளமாக விட்டுவிடலாம். பல சமயம் அதுதான் நல்லதும்கூட. நீங்கள் விடாமல் பார்த்துவந்த தொடரில் திடீரென்று யாரோ ஒருவர் வந்து நின்றிருப்பார், அந்த எரிச்சலில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஒரு தினசரித் தொடரின் வசனக் குழுவில் இருந்தவன். நாயகனே மாறிய நேரத்தில் அங்கே இருந்தேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை.

வழிகள் இரண்டுதான். ஒன்று, நீங்கள் சொன்னபடி "இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் எழுதிப் போடும் கார்டு. அது பார்ப்பவருக்கான அறிவிப்பு. கதைக்குள் இருப்பவர்களுக்கு அது தெரியாது, தெரியவும் கூடாது. அவர்களைப் பொறுத்தவரை இவருக்கு எப்போதுமே இந்த முகம்தான். இன்னொன்று, கதையே காரணம் சொல்வது. விபத்து, தீக்காயம், பிளாஸ்டிக் சர்ஜரி. இதில் கதைக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும் முகம் மாறியது தெரிந்தாக வேண்டும். கார்டும் போடாமல் காரணமும் சொல்லாமல் கடந்துபோனவர்களும் உண்டு. அமெரிக்காவில் 'பிவிட்ச்ட்' தொடரில் கணவன் வேடத்தில் நடித்த டிக் யார்க் முதுகுவலியால் விலக, 1969-இல் டிக் சார்ஜென்ட் வந்தார். மனைவி கேரக்டரோ மந்திரக்காரி. ஒரு மந்திரத்தில் முடிந்திருக்கும் விளக்கத்தைக்கூட அவர்கள் சொல்லவில்லை. தொடர் 1972 வரை ஓடியது. கார்டு வழியின் நீட்சிதான் இதுவும்: கதைக்குள் யாரும் எதையும் கவனிப்பதில்லை.

எந்த வழியானாலும் சரி, இரண்டையும் கலக்கக் கூடாது. நாங்கள் கலந்தோம். நாங்கள் என்றால் தயாரிப்புத் தரப்பு. எங்கள் அறையில் யாரும் அதற்குச் சம்மதிக்கவில்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

நாயகனுக்கும் தயாரிப்பாளருக்கும் சம்பளத் தகராறு முற்றி அவர் ஒருநாள் வராமலே நின்றுவிட்டார். தினசரித் தொடரில் கையிருப்பு எபிசோடுகள் எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் அப்போது முதல் கேள்வி. ஒளிபரப்பு அதைத் தின்றுகொண்டே வரும், அதற்குள் ஆள் பிடிக்க வேண்டும். முதலில் கேரக்டரை மெலிய வைப்போம். அவர் வேலையாக வெளியூர் போயிருக்கிறார், போனில் பேசுகிறார், பேச்சு மறுமுனையில் மட்டும் கேட்கிறது. முதுகுப்பக்கம் காட்ட ஒரு டூப் வருவார். பார்ப்பவர் சந்தேகப்பட ஆரம்பிப்பதற்குள் புது நடிகர் வந்துவிட்டால் தப்பித்தோம்.

புதியவர் கிடைத்தார், நல்ல நடிகர். பழையவரைவிடக் கொஞ்சம் குள்ளம். நான் கார்டு போதும் என்றேன். சேனல் தரப்பில் விபத்து வேண்டும் என்றார்கள். முகக்கட்டுப் பிரிக்கும் காட்சியை வைத்து ஒரு வாரம் புரோமோ ஓட்டலாம் என்பது அவர்கள் கணக்கு. அதுவும் ஒரு நியாயம்தான், மறுக்கவில்லை. அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? கட்டுப் பிரிக்கும் எபிசோடின் தொடக்கத்தில், யாரோ பயந்துபோய், கார்டையும் போட்டுவிட்டார்கள்!

விளைவு சுவரில் தெரிந்தது. கார்டு வழியில் போனால் ஆர்ட் டிபார்ட்மென்ட்காரர்கள் செட்டில் உள்ள கல்யாண போட்டோ, மேசையில் நிற்கும் குடும்பப் படம் எல்லாவற்றையும் புது முகத்தோடு மாற்றிவிட வேண்டும். சர்ஜரி வழியில் போனால் ஒன்றையும் தொடக் கூடாது. பழைய முகம் அங்கேதான் இருக்க வேண்டும், அதைப் பார்த்து அழுவதற்குத்தானே வீட்டில் ஆள் இருக்கிறது. எங்கள் செட்டில் கார்டு பற்றிய செய்தி ஒரு பக்கம் போனது, சர்ஜரி பற்றியது இன்னொரு பக்கம் போனது. கடைசியில் ஒளிபரப்பான காட்சி இது: "என் பிள்ளையோட பழைய முகம் போச்சே" என்று அம்மா கேரக்டர் போட்டோவைத் தடவி அழுகிறார். போட்டோவில் புது நடிகர் சிரித்துக்கொண்டிருக்கிறார். தெரிந்தவர்களெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார்கள். வசனம் எழுதியவன் என்ற முறையில் எனக்குத்தான் அதிகம் வந்தது.

பிளாஷ்பேக்கிலும் இதே சிக்கல். கார்டு என்றால் பழைய காட்சிகளை எடுத்துப் போட முடியாது. போட்டால் கதைக்குள் யாரும் பார்த்திராத ஒரு முகம் வந்து நிற்கும். சர்ஜரி என்றால் போடலாம், போட்டால் இன்னும் நல்லது, பழைய நடிகருடனான ஒப்பந்தம் இடம் கொடுத்தால். இதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் பார்க்கும் தொடர் எந்த வழியில் போகிறது, அவர்களுக்கே அதில் தெளிவு இருக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடலாம்.

உயரம் இன்னொரு தொல்லை. சர்ஜரி முகத்தைத்தான் மாற்றும், ஆளைக் குட்டையாக்காது. கொஞ்ச நாளைக்கு நாயகனை உட்கார வைத்தோம், நடக்கும் ஷாட் வந்தால் இடுப்புக்கு மேல் வைத்தோம். குரலில் மட்டும் அதிர்ஷ்டம். எங்கள் தொடரில் நாயகனுக்கு முதலிலிருந்தே டப்பிங் கலைஞர் ஒருவர்தான் பேசிவந்தார். நடிகர் போனபோது குரல் போகவில்லை. கட்டு பிரியும்முன் முகம் தெரியாமல் அந்தக் குரல் மட்டும் கேட்கும் காட்சியை எழுதினேன். மாற்றத்தை மக்கள் ஓரளவு ஏற்றதற்கு அதுதான் காரணம் என்பேன். அந்த டப்பிங் கலைஞரை ஒரு பேட்டிக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தொடர் முடிந்ததும் பெயர்கள் ஓடும் அல்லவா, அந்தப் பட்டியலை அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரத்துக்காக ஒரு மூலையில் சுருக்கி, கண்ணில் படாத வேகத்தில் ஓட்டிவிடுவார்கள். இத்தனை வருடத்தில் என் பெயரை என் வீட்டிலேயே ஒழுங்காகப் படித்ததில்லை. திட்டு விழும்போது மட்டும் எழுதியவன் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, சரி, விடுங்கள்.

கதைக்குள் காரணம் சொல்வதென்று முடிவெடுத்தால் எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் பிபிசியின் 'டாக்டர் ஹூ'. "அதில் நாயகன் வேற்றுக்கிரகவாசி, என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்று சிலர் வருவார்கள், தெரியும். 1966-இல் அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. நாயகன் பெயரே டாக்டர்தான், அந்த வேடத்தில் நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடல்நிலை சரியில்லை, வசனம் நினைவில் நிற்பதும் கடினமாகிவிட்டது. இப்படி உருமாறும் சக்தி டாக்டருக்கு இருப்பதாகக் கதையில் அதற்குமுன் யாரும் சொன்னதே இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று, தன் பழைய உடம்பு தேய்ந்துவிட்டது என்று முன்பே ஒரு வரி சொன்ன டாக்டர், தான் பயணிக்கும் விண்கப்பலுக்குள் வந்து தரையில் சாய்கிறார். திரை ஒளியில் கரைகிறது. தெளியும்போது அங்கே கிடப்பவர் பேட்ரிக் ட்ரௌட்டன்.

பலரும் அந்த ஒளியைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அது பெரிதில்லை, எங்கள் கட்டுப் பிரிப்பும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நவம்பர் 5 அன்று தொடங்கிய அடுத்த கதையில் செய்ததுதான் வித்தை. டாக்டரோடு பயணிக்கும் இருவரில் பாலி என்ற பெண் இவர் டாக்டர்தான் என்று நம்பப் பார்க்கிறாள். பென் என்ற இளைஞன் நம்ப மறுக்கிறான். பழைய டாக்டர் எப்போதும் போட்டிருந்த மோதிரத்தை எடுத்துப் புதியவர் விரலில் போட்டுப் பார்க்கிறான். நழுவுகிறது. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் மனதில் இருக்கும் சந்தேகம் முழுவதையும் கதைக்குள்ளேயே ஒருவன் வாய்விட்டுக் கேட்டுவிடுகிறான். புதியவரும் நான்தான் என்று சத்தியம் செய்வதில்லை. டாக்டரைப் பற்றி வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோலப் பேசி வெறுப்பேற்றுகிறார். பிறகு எதிரி வருகிறான். டாக்டரின் பழைய பகை இனமான டாலெக்குகளில் ஒன்று இவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறது. நண்பர்கள் அன்பால் ஏமாறலாம், ஜென்மப் பகையாளிக்கு ஏமாற வேண்டிய அவசியம் இல்லையே.

அதே திட்டத்தைத்தான் நானும் எழுதிக் கொடுத்தேன். கட்டு பிரித்ததும் குடும்பமே கட்டிக்கொண்டு அழக் கூடாது, தங்கை ஒதுங்கி நிற்க வேண்டும். நாயகனின் தொழில் எதிரி ஒரு பேச்சுவார்த்தையில் இவன் பேரம் பேசும் விதத்தைப் பார்த்து முகம் வெளிறி எழுந்துபோக வேண்டும். மூன்று எபிசோடு கேட்டேன். எடுத்தார்கள், எடிட்டில் போய்விட்டது. எதிரி ஒரே ஒரு முறை உற்றுப் பார்ப்பது மட்டும் மிஞ்சியது. குடும்பம் கட்டிக்கொண்டு அழுதது, வழக்கம்போல.

சர்ஜரிக்கு இன்னொரு விலையும் உண்டு, பேச்சுவார்த்தையில் அதை யாரும் யோசிப்பதில்லை. பழைய நடிகர் திரும்பி வந்தால்? அமெரிக்காவின் 'டைனஸ்டி' தொடரில் ஸ்டீவன் வேடத்தில் இருந்த ஆல் கோர்லி விலகினார். எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்தது, சர்ஜரி நடந்தது, ஜாக் கோல்மன் முகத்தோடு ஸ்டீவன் வந்தார். 1991-இல் மறு இணைவுக் குறுந்தொடர் எடுத்தபோது கோல்மன் வரமுடியாததால் ஸ்டீவனாக மறுபடியும் கோர்லியே வந்தார். வெடிவிபத்தில் போன முகம்! கார்டு போட்டிருந்தால் இன்னொரு கார்டோடு முடிந்திருக்கும்.

அதனால்தான் முதல் வரியிலேயே தாராளமாக என்றேன். தொடரின் பெயரைச் சொல்லுங்கள், எந்த வழி எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கருத்துப் பகுதியில் எழுதுகிறேன். நான் வேலை பார்த்த தொடரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், பாக்கிச் சம்பளம் இன்னும் வரவேண்டியிருக்கிறது.