நான்கு விடைகளும் ஒரு கட்டடமும்: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய், கோணமானி, ஸ்ட்ரா, நூல், இரும்பு நட்டு கொண்டு செய்த சாய்வுமானியால் பள்ளிக் கட்டடத்தின் உயரத்தை அளக்கச் சொன்னேன். நான்கு குழுக்களும் சுவரிலிருந்து 10 மீட்டரில் நின்றுதான் பார்த்தார்கள். கண் உயரம் எல்லோருக்கும் சுமார் 1.4 மீட்டர். வந்த விடைகள் 14.2, 7.8, 9.8, 9.2 மீட்டர். யார் எங்கே தவறினார்கள் என்று எப்படிச் சொல்வது?

கணித ஆசிரியை, அரசு உயர்நிலைப்பள்ளி

அன்புள்ள டீச்சர்,

விடைகளைப் பின்னோக்கிப் பிரித்துப் பாருங்கள். 14.2-இல் கண் உயரம் 1.4-ஐக் கழித்து 10-ஆல் வகுத்தால் 1.28 வரும், அது tan 52°. 9.2-ஐ அப்படியே செய்தால் 0.78, அது tan 38°. 52-உம் 38-உம் சேர்ந்தால் 90. இரண்டு குழுக்களின் நூலும் 52-இல்தான் நின்றிருக்க வேண்டும். ஒரு குழு அதை 90-இலிருந்து கழித்திருக்கிறது, மற்றது கழிக்கவில்லை.

ஸ்ட்ரா கிடைமட்டமாக இருக்கும்போது நூல் 90-இல் தொங்குகிறது. ஸ்ட்ராவை 38° உயர்த்தினால் கோணமானி திரும்புகிறது, நூல் செங்குத்தாகவே நிற்கிறது. அதனால் நூல் 52-ஐக் காட்டும்; அடுத்த வரிசை எண்களில் படித்தால் 128. எதைப் படித்தாலும் 90-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே ஏற்றக்கோணம். வெளியே போகுமுன் வகுப்பிலேயே ஸ்ட்ராவை மெல்ல உயர்த்தி, எண் எந்தப் பக்கம் போகிறது என்று பிள்ளைகளையே கவனிக்கச் சொல்லுங்கள்.

7.8 எளிது. கோணம் சரி, கண் உயரத்தைக் கூட்டவில்லை. ஆனால் மைதானம் கட்டடத்தின் அடியைவிடத் தாழ்வாக இருந்தால் 1.4-ஐக் கூட்டுவதும் தவறு. கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய டியூபால், பார்ப்பவரின் கண் மட்டத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறியிலிருந்து சுவரடி வரை அளந்து வருவதைத்தான் கூட்ட வேண்டும்.

9.8-இல்தான் கருவியின் குறை தெரிகிறது. அந்தக் குழுவுக்குக் கோணம் 40° கிடைத்திருக்கிறது. ஸ்ட்ரா கொஞ்சம் சாய்ந்து ஒட்டப்பட்டிருக்கலாம். சுவரில் குறித்த அதே கண்மட்டக் குறியை ஸ்ட்ரா வழியே பார்க்கச் சொல்லுங்கள். நூல் 90-க்குப் பதில் 88-இல் நின்றால் கருவி 2° கூட்டிக் காட்டுகிறது. பிரித்து ஒட்ட வேண்டியதில்லை. கிடைத்த கோணத்தில் 2-ஐக் கழித்தால் போதும்.

இந்தச் சோதனையில் சிக்காத பிழை ஒன்று உண்டு. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் கோணமானியில் 0–180 கோடு விளிம்பில் இருக்காது, சில மில்லிமீட்டர் உள்ளே இருக்கும். நூலை அந்தக் கோட்டின் மையப் புள்ளியில் கட்டாமல் விளிம்பில் ஒட்டிவிடுவார்கள். கிடைமட்டத்தில் நூல் 90-ஐச் சரியாகவே காட்டும். உயர்த்த உயர்த்தப் பிழை வளரும். மையத்திலிருந்து வில் வரை 45 மில்லிமீட்டர் உள்ள கோணமானியில், நூல் 5 மில்லிமீட்டர் விலகியிருந்தால் 38° வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 42° வரும்; கட்டடம் 10.4 மீட்டராகிவிடும். ஆகவே நூல் எங்கே கட்டியிருக்கிறது என்பதை ஒவ்வொரு கருவியிலும் நீங்களே பார்த்துவிடுவது நல்லது.

10 மீட்டரில் நிற்க வைத்தது நல்ல தேர்வு. கோணம் 45°-ஐ ஒட்டி இருக்கும்போதுதான் அளவுப்பிழை உயரத்தை மிகக் குறைவாகக் கெடுக்கும். இதே கட்டடத்துக்கு 10 மீட்டரில் நின்று 1° கூடுதலாகப் படித்தால் உயரம் 29 சென்டிமீட்டர் கூடுகிறது. 3 மீட்டரில் நின்றால் 43 சென்டிமீட்டர், 40 மீட்டரில் நின்றால் 73 சென்டிமீட்டர். கையால் செய்த கருவியில், அதிலும் காற்றில் நூல் ஆடும்போது, 1° பிழை சாதாரணம். ஒருவர் ஸ்ட்ரா வழியே பார்க்க, நூல் அசைவு நின்றதும் இன்னொருவர் அதைக் கோணமானியோடு விரலால் அழுத்திப் பிடித்துப் பக்கவாட்டில் நின்று படிக்கட்டும். நூல் கோணமானியில் உரசாமல் தொங்க, கருவியைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும்.

9.2-ஐ உறுதிசெய்யுமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் குறிவைத்த உச்சி, சுவருக்கு நேர் மேலே இருந்ததா? மேல்தளம் சுவரைத் தாண்டி 60 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்து, அதன் விளிம்பைப் பார்த்திருந்தால், உண்மையான தூரம் 9.4 மீட்டர்தான். அப்போது உயரம் 8.7 மீட்டருக்குச் சற்றே அதிகம். உள்ளே தள்ளி நிற்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்திருந்தால் தூரத்தோடு அந்த இடைவெளியைக் கூட்ட வேண்டும். டேப்பின் நுனியை எங்கே வைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.