மெஷின் லேர்னிங் சான்றிதழ் தேர்வில் எது பழசாகும், எது நிற்கும்

கேள்வி: நான் பேக்எண்ட் டெவலப்பர். மெஷின் லேர்னிங் சான்றிதழ் ஒன்று எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். தேர்வில் உண்மையில் என்னதான் கேட்கிறார்கள்? படித்தது எத்தனை வருஷம் செல்லும்?

பதில்: மாடல் எழுதத் தெரியுமா என்று இந்தத் தேர்வுகள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஒரு தேவையைச் சொல்லி, நாலு வழிகளைக் கொடுத்து, எது பொருந்தும் என்று கேட்கின்றன.

அமேசான் கிளவுடின் மெஷின் லேர்னிங் என்ஜினியர் அசோசியேட் தேர்வையே (MLA-C01) எடுத்துக்கொள்வோம். 130 நிமிடத்தில் 65 கேள்விகள். அதில் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் அவை எவை என்று சொல்லமாட்டார்கள். 1000க்கு 720 வாங்கினால் தேர்ச்சி. கவனிக்கவேண்டியது பாடப் பங்கீட்டைத்தான்: மாடல் உருவாக்குவதற்கு 26 சதவீதம், தரவைத் தயார் செய்வதற்கு 28. மீதி 46 சதவீதமும் டிப்ளாய்மென்ட், கண்காணிப்பு, பாதுகாப்பு. அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவான பகுதி உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான வேலை.

கேள்வி எப்படி வரும் என்பதற்கு நானே ஒன்று அமைத்துப் பார்க்கிறேன். ஒரு நிறுவனத்துக்கு ஒரு நாளில் சில தடவை, நேரம் காலம் இல்லாமல், 300 எம்பி அளவுள்ள ஸ்கேன் கோப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றையும் மாடல் அலசப் பத்து நிமிடம் ஆகும், ஜிபியு வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் காசு போகக்கூடாது. அமேசானின் மெஷின் லேர்னிங் சேவையான சேஜ்மேக்கரில் இதை எப்படி டிப்ளாய் செய்வீர்கள்? ரியல்டைம் எண்ட்பாயின்ட், சர்வர்லெஸ், அசின்க்ரனஸ், பேட்ச் என்று நாலு விடைகள்.

ரியல்டைமில் 60 விநாடிக்குள் பதில் வந்தாக வேண்டும், ஆகவே அது அடிபடுகிறது. சர்வர்லெஸில் ஜிபியு இல்லை, கோரிக்கையின் அளவும் 4 எம்பியைத் தாண்டக்கூடாது. பேட்ச் என்பது மொத்தமாகச் சேர்த்து வைத்த தரவை ஒரே மூச்சில் ஓட்டுவதற்கு. கோப்பு ஒவ்வொன்றாக, எப்போது வேண்டுமானாலும் வரும் இடத்தில் அது சரிப்படாது. மிஞ்சுவது அசின்க்ரனஸ். கோப்பு எஸ்3யில் கிடக்கும், அதன் முகவரி மட்டும் வரிசையில் போய் நிற்கும், முடிவும் எஸ்3யிலேயே வந்து விழும். 1 ஜிபி வரை தாங்கும், ஒரு மணி நேரம் வரை ஓடலாம், வேலை இல்லாதபோது இன்ஸ்டன்ஸ் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்கு இறங்கும்.

இந்த ஒரே கேள்வியில் உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கும் பதில் இருக்கிறது. "பூஜ்ஜியத்துக்கு இறங்க வேண்டும்" என்ற சொல்லைப் பார்த்ததுமே ரியல்டைமை அடித்துவிடலாம் என்பது ரொம்ப நாளாகச் செல்லுபடியான குறுக்குவழி. 2024 கடைசியில் ரியல்டைம் எண்ட்பாயின்டுக்கும், இன்ஃபரன்ஸ் காம்பொனென்ட் வழியாக, அந்த வசதி வந்துவிட்டது. குறுக்குவழியை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அன்றோடு அந்த அறிவு பழசு. காரணத்தைப் புரிந்துகொண்டவர் அடுத்த கேள்விக்குப் போவார்: பூஜ்ஜியத்தில் இருக்கும்போது வரும் முதல் கோரிக்கை என்ன ஆகும்? அசின்க்ரனஸில் அது வரிசையில் காத்திருக்கும். ரியல்டைமில் வரிசை கிடையாது, இன்ஸ்டன்ஸ் எழும்பும் வரை பிழைதான் திரும்பி வரும். சும்மா நிற்கும் இயந்திரத்துக்குக் காசு கொடுப்பதா, அல்லது எழும்பும் நேரத்தைப் பொறுத்துக்கொள்வதா என்ற பேரம் எந்த கிளவுடிலும் இருக்கிறது, எந்தப் புது வசதி வந்தாலும் இருக்கும்.

அதனால் படிக்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். கேள்வியிலிருந்து சேவைகளின் பெயர்களை எடுத்துவிட்டால் அர்த்தம் மிஞ்சுகிறதா? மோசடிப் பரிவர்த்தனைகள் ஒரு சதவீதமே இருக்கும் தரவில் துல்லிய சதவீதத்தை ஏன் நம்பக்கூடாது, தரவைப் பிரிப்பதற்கு முன்பே நார்மலைஸ் செய்தால் சோதனைத் தரவின் வாசம் பயிற்சிக்குள் எப்படிக் கசிகிறது, இதெல்லாம் மிஞ்சும். எந்த மெனுவில் எந்த வசதி, எத்தனை எம்பி வரம்பு, இதெல்லாம் மிஞ்சாது. இவை ஓரிரு வருஷச் சரக்கு.

சான்றிதழின் ஆயுளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. அமேசானுக்கு மூன்று வருஷம், கூகுள் கிளவுடின் புரொஃபஷனல் தேர்வுக்கு இரண்டு. மைக்ரோசாஃப்டின் அசோசியேட் சான்றிதழ்களை வருஷா வருஷம் இலவசமாக ஆன்லைனில் புதுப்பிக்க வேண்டும், என் கணக்கில் இதுதான் நேர்மையான ஏற்பாடு. உட்கார்ந்து நிஜமாகவே நிரல் எழுதவைத்த டென்சர்ஃப்ளோ டெவலப்பர் தேர்வு நன்றாக இருந்தது, ஆனால் அதை 2024இல் மூடிவிட்டார்கள்.

லேபிளே தப்பாக இருக்கும் தரவைக் கண்டுபிடிப்பது, இந்தப் பிரச்சினைக்கு மாடல் தேவையா என்று முடிவெடுப்பது, இவையெல்லாம் பல விடைத் தேர்வுக்குள் அடங்காது. உங்கள் குழு ஏற்கெனவே ஏதாவது ஒரு கிளவுடில் மாடல் ஓட்டுகிறது என்றால் அந்த கிளவுடின் தேர்வை எழுதுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் இப்போதைக்குக் கட்டணத்தைக் கட்டவேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் தேர்வு வழிகாட்டியை மட்டும் இறக்கி, அதைப் பாடத்திட்டமாக வைத்துச் சின்னதாக ஒரு மாடலை நீங்களே டிப்ளாய் செய்து பாருங்கள்.