இரும எண்கள்: கணினிக்கு இரண்டு இலக்கமே போதுவது எப்படி?

கேள்வி: கணினி ஏன் 0, 1 மட்டும் பயன்படுத்துகிறது? நம்மைப் போல 0 முதல் 9 வரை வைத்துக்கொண்டால் என்ன?

இரண்டே இலக்கங்களால் எழுதப்படும் எண்தான் இரும எண். நாம் எழுதும் எண்ணில் வலமிருந்து இடமாக ஒவ்வோர் இடத்தின் மதிப்பும் பத்து மடங்காகும்: 1, 10, 100. இரும எண்ணில் இரண்டு மடங்கு: 1, 2, 4, 8. ஆகவே 1101 என்றால் 8 + 4 + 0 + 1, அதாவது 13. எவ்வளவு பெரிய எண்ணையும் இப்படி எழுதலாம், கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

காரணம் மின்சாரத்தில் இருக்கிறது. கம்பியில் வரும் மின்னழுத்தம் எப்போதும் சற்றே ஏறும், இறங்கும். பத்து இலக்கங்களுக்கு அரை வோல்ட் இடைவெளியில் பத்து நிலைகள் வைப்போம்: 7 என்பது 3.5 வோல்ட், 6 என்பது 3 வோல்ட். வழியில் அரை வோல்ட் குறைந்தால் 7 சத்தமில்லாமல் 6 ஆகிவிடும். கணக்கு தப்பு, ஆனால் யாருக்கும் தெரியாது!

5 வோல்ட்டில் இயங்கும் ஒரு பழைய வகைச் சில்லில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே 0, 2 வோல்ட்டுக்கு மேலே 1. இடைப்பகுதி வேண்டுமென்றே விடப்பட்டது. 3.5 வோல்ட் 3 ஆகக் குறைந்தாலும் அது 1 தான். தூரத்து விளக்கு எரிகிறதா, இல்லையா என்று உடனே சொல்லிவிடலாம்; பத்தில் எத்தனையாவது அளவு வெளிச்சம் என்று சொல்வதுதான் கடினம்.

கணினி என்றாலே இரும எண்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 1946-இல் அறிமுகமான எனியாக் கணினி பத்து இலக்கங்களில்தான் கணக்குப் போட்டது.