யானையால் யானை

அன்புள்ள ஐயா,

வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். நாற்பது பக்க அறிக்கையை ஒப்படைக்க இன்னும் மூன்று நாட்களே உள்ளன. ஒரு வரியும் தொடங்கவில்லை. ‘அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’, ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்று எழுதி மேசைக்கு மேல் ஒட்டியும் பயனில்லை. இவற்றைவிடப் பொருத்தமான பழமொழி உண்டா? இரவில் வேலை செய்யலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

அம்மி நகர்வதற்கும் துளி வெள்ளமாவதற்கும் நாட்கள் வேண்டும். உங்களிடம் இல்லாதது அதுதான். தொடங்கிவிட்டவன் சோர்ந்துபோகாமலிருக்கச் சொன்னவை அவை. இரவா பகலா என்பது உங்கள் கண்களின் பாடு.

சில நாட்களாகவே என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது வினைசெயல்வகை அதிகாரத்தின் 678ஆம் குறள்: ‘வினையால் வினையாக்கிக் கோடல் நனைகவுள் யானையால் யானையாத் தற்று.’ ஒரு வேலையைக் கொண்டே இன்னொரு வேலையை முடித்துக்கொள்வது, மதநீர் வழியும் கன்னமுடைய யானையைக் கொண்டு மற்றொரு யானையைப் பிடிப்பது போன்றது. யானையைப் பிடிக்க அனுப்பப்படுவதும் யானைதான், பூனையல்ல என்பதை நாம் கவனிப்பதில்லை. ‘சிறிதாகத் தொடங்கு’ என்றவுடன் கோப்புக்குப் பெயர் வைப்பதும், எழுத்துருவைத் தேர்வதும், பழமொழியை அழகாக எழுதி ஒட்டுவதும் பூனைகள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குக் கடிதம் எழுதியதும் பூனைதான். இப்போது செய்ததை அழித்துவிட்டால் ஒப்படைக்க வேண்டியதில் ஏதேனும் குறையுமா என்று கேட்டுப் பாருங்கள். குறையாதென்றால் நீங்கள் இன்னும் தொடங்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் அறுபது பக்கத் தொழில்நுட்பக் கையேடு ஒன்றை ஏற்றுக்கொண்டு, நான்கு நாட்களே மிஞ்சும் வரை நானும் அதைத் திறக்காமலிருந்தேன். முதல் பக்கத்தின் முதல் வாக்கியமே ஆறு வரி நீளம். அதைப் பார்த்தாலே கை மடங்கிவிடும். கடைசியில் வெட்கத்தோடு நடுப்பக்கங்களுக்குப் போய், அட்டவணைகளின் தலைப்புகளை மட்டும் மொழிபெயர்த்தேன். பன்னிரண்டு தலைப்புகள், அரை மணி நேரம். ஒரு கையேட்டின் கலைச்சொற்கள் பெரும்பாலும் அட்டவணைத் தலைப்புகளில்தான் குவிந்திருக்கும் என்பது அன்றுதான் உறைத்தது. அங்கே முடிவு செய்த சொற்களே உரையெங்கும் திரும்பத் திரும்ப வந்தன. என்னை மிரட்டிய அந்த ஆறு வரி வாக்கியத்திலும் நான்கு இருந்தன. தலைப்புகள் வாக்கியத்தைப் பிடித்தன, வாக்கியம் பக்கத்தைப் பிடித்தது.

அந்த முதல் பக்கத்துக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. அறுபது பக்கத்துக்கு ஐம்பது மணி நேரம். நாளுக்குப் பத்து மணி நேரம் உழைத்தாலும் நான்கு நாட்களில் முடியாது. அன்று மாலையே வாடிக்கையாளருக்கு எழுதினேன், முணுமுணுத்தபடி இரண்டு நாள் கூடக் கொடுத்தார். கடைசி நாளிரவு கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டார். ஒரு பக்கத்தையாவது செய்துபார்க்காதவனுக்கு இந்தக் கணக்கைப் போடவே வழியில்லை.

உங்கள் அறிக்கையில் அட்டவணைகள் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் படங்களுக்குக் கீழுள்ள குறிப்புகளைப் பாருங்கள்.